மாதாமாதம் மாற்றும் இருபது பங்குகள்

*ஐயா, வணக்கம். மன்னார்குடி பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன், நாலு ஏக்கர் நஞ்சையும் உண்டு. ஏழு லட்சம் போட்ட நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டு இன்று பத்து லட்சமாக நிற்கிறது; வங்கியில் சொல்லி வாங்கியது, ரெகுலர் பிளான். சென்னையில் இருக்கும் மாப்பிள்ளை ஒரு ஆப் காட்டினார். ஏறுகிற இருபது பங்கை வாங்கி மாதம் ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டுமாம், வருடக் கட்டணம் ஆறாயிரம். மொமெண்டம் என்கிறார். மலிவான பங்குக்கு வேல்யூ என்று இன்னொன்றும் இருக்கிறதாம். பழைய கணக்கில் நிஃப்டியைவிட நிறைய வந்திருக்கிறது. செலவு, வரி எல்லாம் போக எனக்கு ஏதாவது மிஞ்சுமா? மாறலாமா? — வாசகர், மன்னார்குடி*

வணக்கம். அந்த ஆப் வழியாக வேண்டாம். மொமெண்டம், வேல்யூ இரண்டையும் ஃபண்டு வழியாக, பணத்தில் முப்பது சதவீதத்துக்கு மிகாமல் வைத்துக்கொள்ளலாம். வைக்காவிட்டாலும் குடி முழுகிவிடாது. ஆனால் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் 'ரெகுலர் பிளான்' என்று எழுதியிருக்கிறீர்களே, விற்றுத் தந்தவருக்கு வருடாவருடம் கமிஷன் போகும் பிளான் அது, உண்மையில் பணம் கசியும் இடம் அதுதான். கடைசியில் அதற்கு வருகிறேன்.

மாப்பிள்ளை சொன்னது கட்டுக்கதை அல்ல. கடந்த ஆறு மாதம், ஒரு வருடம் நன்றாக ஏறிய பங்குகள் அடுத்த சில மாதங்களும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஏறுகின்றன என்பதை நரசிம்மன் ஜெகதீஷ், ஷெரிடன் டிட்மன் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1993-இல் அமெரிக்கச் சந்தைக் கணக்கை வைத்துக் காட்டினார்கள். பிறகு பல நாடுகளில் இதே போக்கு தென்பட்டது. ஆனால் அந்த ஆய்வின் லாபத்துக்கு இரண்டு கால்கள்: ஒன்று, ஜெயித்த பங்கை வாங்குவது; இன்னொன்று, தோற்ற பங்கைக் கடன் வாங்கி விற்பது. உங்களுக்கும் எனக்கும் கிடைப்பது முதல் கால் மட்டுமே.

இன்னொரு விஷயம். இப்படிச் சந்தையை மிஞ்சும் என்று ஆய்வுகளில் சொல்லப்பட்ட 97 விதிகளை எடுத்து, மெக்லீன், பாண்டிஃப் என்ற இருவர் பிற்பாடு சோதித்தார்கள். ஆய்வுக் கட்டுரை வெளியான பிறகு அந்தக் கூடுதல் லாபம் சராசரியாக 58 சதவீதம் குறைந்திருந்தது. ஊரறிந்த ரகசியத்தில் எல்லோரும் கைவைத்தால் அப்படித்தான் ஆகும். அதனால் பழைய கணக்கில் மூன்று சதவீதம் கூடுதல் என்று யாராவது காட்டினால், ஒன்றரை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதுதான் நியாயம்.

அந்தப் 'பழைய கணக்கு' எத்தனை பழையது என்பதையும் பார்க்க வேண்டும். நம் நாட்டில் பல ஃபண்டுகள் பின்பற்றும் நிஃப்டி 200 மொமெண்டம் 30 குறியீட்டை எடுங்கள். அதன் வரைபடம் 2005 ஏப்ரலிலிருந்து ஆரம்பிக்கிறது. ஆனால் குறியீடு வெளியிடப்பட்டது 2020 ஆகஸ்டில். நடுவில் உள்ள பதினைந்து வருடக் கோடு, விடை தெரிந்த பிறகு திருப்பி எழுதிய பரீட்சைத் தாள். அதைப் பொய் என்று சொல்லவில்லை, விதியை ஒழுங்காகத்தான் பின்னோக்கி ஓட்டியிருக்கிறார்கள். ஆனால் நன்றாக ஓடிய விதிதானே குறியீடாகிக் கடைக்கு வந்தது? ஓடாத விதிகள் யார் கண்ணிலும் படவில்லை. niftyindices.com தளத்தில் எந்தக் குறியீட்டின் தகவல் தாளைத் திறந்தாலும் `Launch Date`, `Base Date` என்று இரண்டு தேதிகள் இருக்கும். முதல் தேதிக்குப் பிறகு வந்த வருமானத்தை மட்டும் தனியாகப் பாருங்கள். ஆப்பில் அப்படி ஒரு தேதியே காட்டவில்லை என்றால், அதற்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி உங்கள் கேள்வியின் நடுப்புள்ளிக்கு வருவோம். பத்து லட்சத்தை இருபது நிறுவனப் பங்குகளில் ஒவ்வொன்றிலும் 50,000 ரூபாயாகப் போடுகிறீர்கள். மாதாமாதம் பட்டியல் மாறும்போது சராசரியாக நான்கு பங்குகள் வெளியே போய் நான்கு உள்ளே வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். மாத மொமெண்டத்துக்கு இது அதிகமில்லை. வருடத்துக்கு 48 விற்பனை, 48 வாங்கல். விற்றது 24 லட்சம், வாங்கியது 24 லட்சம், ஆக 48 லட்சம் ரூபாய்க்கு வியாபாரம். கையிலிருப்பது பத்து லட்சம்தான்.

டெலிவரி எடுத்து வாங்கினாலும் விற்றாலும் பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்.டி.டி. 0.1 சதவீதம். 48 லட்சத்துக்கு 4,800 ரூபாய். வாங்கும்போது முத்திரைக் கட்டணம் 0.015 சதவீதம், அது 360. சந்தைக் கட்டணம் 150 சொச்சம். ஒவ்வொரு பங்கை விற்கும்போதும் டீமேட் கணக்கிலிருந்து எடுக்க ஒரு கட்டணம் பிடிப்பார்கள், புரோக்கருக்குப் புரோக்கர் மாறும். பதினாறு ரூபாய் என்றால் 48 தடவைக்கு 770. புரோக்கரேஜ் ஆர்டருக்கு 20 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 96 ஆர்டருக்கு 2,266. சில புரோக்கர்கள் டெலிவரிக்கு வாங்குவதில்லை, அப்படியானால் இதைக் கழித்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஏறத்தாழ 8,400. ஆப் கட்டணம் 6,000.

இதுவரை சொன்னதெல்லாம் ரசீதில் வரும் செலவு. ரசீதில் வராத செலவு ஒன்று உண்டு, பெரும்பாலோர் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வர்த்தகத் திரையில் ஒரு நடுத்தர நிறுவனத்தின் பங்கைத் திறந்தால், வாங்க நிற்பவர்கள் ஐந்து வரிசையும் விற்க நிற்பவர்கள் ஐந்து வரிசையும் தெரியும். உதாரணத்துக்கு, வாங்குபவர் தரத் தயாராக இருக்கும் விலை 412.20, விற்பவர் கேட்கும் விலை 413.60. நியாய விலை இரண்டுக்கும் நடுவே 412.90 என்று கொள்ளலாம். உங்களுக்கு 50,000 ரூபாய்க்கு 121 பங்கு வேண்டும். 413.60-க்கு விற்க நிற்பது 40 பங்குதான். மீதி 81 பங்கு அடுத்த வரிசையில் 414.10-க்கு. கிடைக்கிற விலைக்கு வாங்கும் 'மார்க்கெட்' ஆர்டர் போட்டால் சராசரியாக 413.93-க்கு முடியும். நடு விலையைவிட ஒரு ரூபாய் மூன்று காசு அதிகம், அதாவது கால் சதவீதம். அதே பங்கை விற்கும்போதும் அதே மாதிரி கீழே இறங்கித் தர வேண்டியிருக்கும். கமிஷன் மண்டியில் வாங்குகிற விலைக்கும் விற்கிற விலைக்கும் நடுவில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

பெரிய பங்குகளில் இந்த இடைவெளி குறைவு, சிறிய பங்குகளில் இன்னும் அதிகம். சராசரியாக 0.15 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். 48 லட்சத்துக்கு 7,200 ரூபாய். இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று லிமிட் ஆர்டர் போட்டால் குறைக்கலாம். ஆனால் மொமெண்டத்தில் நீங்கள் வாங்கப் போவது ஏறிக்கொண்டிருக்கும் பங்கு, விலை உங்களுக்காகக் காத்திராது. போதாதற்கு, அதே ஆப்பை வைத்திருக்கும் அத்தனை பேரும் அதே தேதியில் அதே நான்கு பங்கை வாங்கக் கிளம்புகிறார்கள்.

ஆகச் செலவு மட்டும் 21,600 ரூபாய் சுமார். பத்து லட்சத்துக்கு இரண்டு சதவீதத்துக்கும் மேல்.

அடுத்தது வரி. உண்மையில் அடி விழுவது இங்கேதான். வாங்கிப் பன்னிரண்டு மாதத்துக்குள் விற்றால் குறுகிய கால மூலதன லாபம். 2024 ஜூலை 23 முதல் அதற்கு வரி 20 சதவீதம், அதன்மேல் 4 சதவீத செஸ். மாதம் இருபதில் நான்கு மாறும் பட்டியலில் ஒரு பங்கு உங்கள் கையில் சராசரியாக ஐந்து மாதம் இருக்கும். ஆகக் கிட்டத்தட்ட எல்லா லாபமுமே குறுகிய காலக் கணக்கில் விழும்.

ஒரு வருடத்தைப் போட்டுப் பார்ப்போம். நிஃப்டி 12 சதவீதம் தருகிறது, மொமெண்டம் பட்டியல் செலவுக்கு முன் 15 சதவீதம் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பின் வாக்குறுதியை அப்படியே நம்பிப் போடும் கணக்கு இது. மொத்த லாபம் 1,50,000. விலை இடைவெளியும் புரோக்கரேஜும் போக வரிக்கு உட்படுவது சுமார் 1,40,000. (எஸ்.டி.டி.யை லாபத்தில் கழிக்க வரிச் சட்டம் விடாது, ஆப் கட்டணத்தையும்தான்.) முதல் வருடத்தில் இதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 1,12,000 ரூபாய் விற்றுக் கையில் வந்த லாபம் என்று கொண்டால், செஸ்ஸோடு வரி 23,300. செலவு 21,600, வரி 23,300, இரண்டும் போக உங்களுக்கு நிற்பது 1,05,100 சொச்சம். அதாவது 10.5 சதவீதம். மிச்சமிருக்கும் விற்காத லாபத்துக்கு அடுத்த வருடம் வரி காத்திருக்கிறது.

அதே வருடம், நடுவில் ஆளில்லாமல் ஃபண்டு நிறுவனத்திடமே நேராக வாங்கும் டைரக்ட் பிளானில், 0.2 சதவீதச் செலவுள்ள நிஃப்டி 50 ஃபண்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் 11.8 சதவீதம். விற்கும்வரை வரியும் இல்லை. மொமெண்டம் மூன்று சதவீதம் கூடுதலாகக் கொடுத்த வருடத்திலேயே நீங்கள் ஒன்றேகால் சதவீதத்துக்கு மேல் பின்தங்கிவிட்டீர்கள். முன்னே சொன்னபடி கூடுதலைப் பாதியாக்கி 13.5 என்று போட்டால், கையில் நிற்பது 9.3 சதவீதம்தான்.

'விவசாய வருமானத்துக்குத்தான் வரி இல்லையே' என்று நம் பக்கத்தில் பலர் இந்த இடத்தில் கேட்பார்கள். நெல் விற்ற காசில் வாங்கினாலும் பங்கு லாபம் விவசாய வருமானம் ஆகாது. வேறு வருமானமே இல்லாதவர் என்றால் அடிப்படை விலக்கு வரம்பில் மீதி இருப்பதை இந்த லாபத்துக்கு ஈடுகட்டிக்கொள்ளலாம், அவருக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். உங்களுக்குக் கடை வருமானம் அந்த வரம்பை எப்படியும் தின்றுவிடும். இன்னொன்று: கடைக் கணக்கை உத்தேச வருமான முறையில் காட்டி ITR-4 போடுகிறவராக நீங்கள் இருந்தால், குறுகிய கால லாபம் ஒரு ரூபாய் வந்தாலும் அந்தப் படிவத்தைப் பயன்படுத்த முடியாது, ITR-3-க்கு மாற வேண்டும். 96 பரிவர்த்தனைகளோடு போய் நின்றால் உங்கள் ஆடிட்டர் என்ன கேட்பார் என்பதை மேலே உள்ள செலவில் நான் சேர்க்கவில்லை.

இப்போது இதே மொமெண்டத்தை ஒரு இண்டெக்ஸ் ஃபண்டு செய்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். நிஃப்டி 200 மொமெண்டம் 30 குறியீட்டில் 200 பெரிய, நடுத்தர நிறுவனங்களிலிருந்து முப்பதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கடந்த ஆறு மாத ஏற்றம், பன்னிரண்டு மாத ஏற்றம் இரண்டையும் எடுத்து, பங்கு எவ்வளவு ஆட்டம் ஆடி அந்த ஏற்றத்தைக் கொடுத்தது என்பதால் வகுத்து மதிப்பெண் போடுகிறார்கள். குதித்துக் குதித்து ஏறியதைவிட நிதானமாக ஏறியதற்கு மதிப்பெண் அதிகம். மாதம் ஒருமுறை அல்ல, ஜூனிலும் டிசம்பரிலும் வருடத்துக்கு இரண்டே முறைதான் மாற்றம்.

அங்கேயும் பங்குகள் மாறிக்கொண்டுதான் இருக்கும், எஸ்.டி.டி. உண்டு, விலை இடைவெளியும் உண்டு. இல்லாதது வரி. மியூச்சுவல் ஃபண்டு தன் கூரைக்குள் பங்கை விற்று வாங்கும்போது வரும் லாபத்துக்கு ஃபண்டு வரி கட்டுவதில்லை. நீங்களும் உங்கள் யூனிட்டை விற்கும்வரை கட்ட வேண்டாம். ஒரு வருடம் கழித்து விற்றால் நீண்ட கால லாபம்: நிதியாண்டுக்கு 1,25,000 ரூபாய் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். சாதாரண முதலீட்டாளருக்கு மொமெண்டத்தில் ஏதாவது மிஞ்சுகிறது என்றால் இந்தக் கூரையினால்தான் மிஞ்சுகிறது. பங்கைத் தேர்ந்தெடுக்கும் சாமர்த்தியத்துக்கு அதில் பெரிய இடமில்லை.

எண்ணில் பார்ப்போம். டைரக்ட் பிளானில் செலவு விகிதம் 0.4 சதவீதம் என்று கொள்வோம். உள்ளே நடக்கும் வியாபாரச் செலவுக்கு இன்னொரு 0.4. இந்த இரண்டாவது 0.4 செலவு விகிதத்தில் தெரியாது, யூனிட்டின் அன்றாட விலையான என்.ஏ.வி.யிலேயே கழிந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: ஃபண்டின் ஒரு வருட வருமானத்தையும், அதே தேதிகளில் குறியீட்டின் டிவிடெண்டும் சேர்ந்த வருமானத்தையும் பக்கத்தில் வையுங்கள். குறியீட்டின் பெயரோடு `TRI` என்று போட்டிருப்பதைத்தான் எடுக்க வேண்டும். வித்தியாசத்தில் செலவு விகிதத்தைக் கழித்தால் மிச்சம் வியாபாரச் செலவு. ஒரே குறியீட்டைப் பின்பற்றும் இரண்டு ஃபண்டுகளில் எது நல்லது என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

மொமெண்டம் 15 தந்தால் ஃபண்டில் உங்களுக்கு 14.2, நிஃப்டி ஃபண்டைவிட 2.4 சதவீதம் அதிகம். பாதியாக்கி 13.5 என்றால் 12.7, கூடுதல் 0.9 சதவீதம். இதையே ரெகுலர் பிளானில் வாங்கிச் செலவு விகிதம் ஒரு சதவீதம் ஆகிவிட்டால் 12.1. நிஃப்டிக்கும் அதற்கும் 0.3 தான் வித்தியாசம். இத்தனை மெனக்கெட்டதற்கு அது பெறுமானம் இல்லை.

வேல்யூவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே பிரச்சினை செலவு அல்ல. மலிவான பங்கு சீக்கிரம் மலிவு நீங்குவதில்லை, அதனால் பட்டியல் மெதுவாகத்தான் மாறும். இருபது பங்கில் வருடத்துக்கு ஏழு மாறினால் மொத்தச் செலவு 2,250 ரூபாய் அளவில், கால் சதவீதத்துக்கும் குறைவு. பன்னிரண்டு மாதம் கழிந்தபின் விற்றால் 1,25,000 வரை லாபத்துக்கு வரியும் வராது. சொந்தக் கையால் செய்ய முடிகிற ஒன்று இருக்கிறது என்றால் அது வேல்யூதான்.

ஆனால் சொந்தக் கையால் செய்யும்போது தவறுவதும் இங்கேதான். விலைக்கும் லாபத்துக்கும் உள்ள விகிதம், பி.இ., குறைவாக இருந்தால் மலிவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். சர்க்கரை ஆலைப் பங்கைப் பாருங்கள். சர்க்கரை விலை உச்சத்தில் இருக்கும் வருடம் லாபம் பெருத்திருக்கும், பி.இ. ஐந்து ஆறு என்று காட்டும். அதுதான் அந்தச் சுற்றின் உச்சம். அடுத்த வருடம் லாபம் கரைந்ததும் அதே விலைக்கு பி.இ. முப்பதாகிவிடும். இரும்புக்கும் இதே கதை. இன்னொரு பொறி, நிறுவனம் நிலத்தையோ ஒரு பிரிவையோ விற்று ஒருமுறை மட்டும் வந்த லாபம். காலாண்டு முடிவுகளில் `Other Income`, `Exceptional Items` என்ற இரண்டு வரிகளைப் பார்க்காமல் பி.இ.யை நம்பாதீர்கள். கடைசி ஒரு வருட லாபத்துக்குப் பதில் ஐந்து வருடச் சராசரி லாபத்தால் விலையை வகுத்துப் பார்த்தால் பாதிப் பொறிகள் தாமாகவே வெளியே வந்துவிடும்.

இத்தனை வேலைக்கு நேரமில்லை என்றால் நிஃப்டி 500 வேல்யூ 50 போன்ற குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்டு போதும். உள்ளே பொதுத்துறை வங்கிகள், எண்ணெய், நிலக்கரி, உலோகம் என்று நிறைந்திருக்கும், பார்த்தால் பிடிக்காது. வேல்யூ என்பதே யாருக்கும் பிடிக்காததை வாங்குவதுதான். 2018-லிருந்து 2020 வரை இந்த மாதிரிப் பங்குகள் வைத்திருந்தவர்கள் நிஃப்டியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். பொறுமை இழந்து பலர் விற்று முடித்த பிறகு, 2021-க்கு மேல் அவை எழுந்தன.

மொமெண்டத்தின் வலி வேறு மாதிரி, திடீரென்று வரும். 2024 செப்டம்பர் உச்சத்திலிருந்து 2025 மார்ச் தொடக்கம் வரை நிஃப்டி 50 சுமார் 16 சதவீதம் இறங்கியது. மொமெண்டம் 30 ஏறத்தாழ அதைப்போல இருமடங்கு இறங்கியது. அதற்கு முந்தைய ஒரு வருட வருமானத்தைப் பார்த்து நுழைந்தவர்களுக்குத்தான் அடி பலமாக விழுந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் பட்டியல் மாறும் என்பதால், சந்தை திசை மாறும்போது குறியீடு கொஞ்ச காலம் பழைய கதாநாயகர்களோடுதான் நிற்கும். மாதம் ஒருமுறை மாற்றினால் தப்பிக்கலாமே என்பீர்கள். தப்பிக்கும் செலவைத்தான் மேலே பார்த்தோம்.

உங்கள் பணம் வரும் காலத்தையும் யோசியுங்கள். மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடையை நோக்கி வரும் ஜூனில் குறுவைக்கு விதை, உழவு, நடவுக்கூலி என்று ஒருபுறம். கடையில் உரம் கடனுக்குப் போவது இன்னொருபுறம். கைக்காசு இறுகும் மாதம் அது. சாகுபடிக்கும் கடைச் சரக்குக்கும் வேண்டிய பணம் மொமெண்டத்தில் இருந்தால், இறங்கிய விலையில் உடைத்து எடுக்க வேண்டிய நாள் ஒன்று வந்தே தீரும்.

எனவே இப்படிச் செய்யுங்கள். ஏழு லட்சம் நிஃப்டி 50-இலேயே இருக்கட்டும். மொமெண்டம் ஃபண்டில் ஒன்றரை லட்சம், வேல்யூ ஃபண்டில் ஒன்றரை லட்சம். இரண்டையும் சேர்த்து வைப்பதற்குக் காரணம், ஒன்று படுக்கும் காலத்தில் பல சமயம் மற்றது நிமிர்ந்து நிற்கும்; ஏறியதை வாங்குவதும் இறங்கியதை வாங்குவதும் எதிரெதிர்க் குணம் கொண்டவை. பிறகு மாற்றுவதற்காக எதையும் விற்க வேண்டாம். சம்பா நெல் கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பணம் வந்ததும் ஒருமுறை, குறுவைக்குப் பிறகு ஒருமுறை, கையில் மிஞ்சுவதை மூன்றில் எது தன் அளவைவிடக் குறைந்திருக்கிறதோ அதில் போடுங்கள். விற்காமலே சமநிலை வந்துவிடும், வரியும் இல்லை.

இதனால் என்ன கிடைக்கும்? மூன்று லட்சத்துக்கு 0.9 சதவீதம், வருடத்துக்கு 2,700 ரூபாய். அதுவும் நிச்சயமில்லை, சில வருடம் கழித்தலாகவும் இருக்கும். எல்லாம் சாதகமாகப் போனால் 7,200.

இப்போது அந்த ரெகுலர் பிளானுக்கு வருவோம். நிஃப்டி 50 ஃபண்டில் ரெகுலருக்கும் டைரக்டுக்கும் செலவு விகிதத்தில் 0.3 சதவீதம் வித்தியாசம் இருந்தால், பத்து லட்சத்துக்கு வருடம் 3,000 ரூபாய். மேலே சொன்ன 2,700-ஐவிட அதிகம், அதோடு சந்தை ஏறினாலும் இறங்கினாலும் நிச்சயம். உள்ளே இருக்கும் பங்குகளோ அதே ஐம்பது. உங்கள் ஃபண்டின் பெயரில் `Regular` என்று இருக்கிறதா என்று அறிக்கையில் பார்த்து, அதே ஃபண்டின் `Direct` பிளானின் செலவு விகிதத்தை ஃபண்டு நிறுவனத் தளத்தில் ஒப்பிட்டு, இதை முதலில் செய்யுங்கள்.

செய்யும் முறையில் ஒரு கவனம் வேண்டும். ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாற்றுவதும் வரிச் சட்டத்தின் கண்ணில் விற்பனைதான். உங்கள் மொத்த லாபம் மூன்று லட்சம். ஒரே நாளில் மாற்றினால் 1,25,000 போக மீதி 1,75,000-க்கு 12.5 சதவீதமும் செஸ்ஸும், சுமார் 22,750 ரூபாய் வரி. பிரித்து மாற்றினால் இதைத் தவிர்க்கலாம். முதலில் வாங்கிய யூனிட்டுகளே முதலில் விற்றதாகக் கணக்காகும், அவற்றில்தான் லாபம் அதிகம். ஆகவே ரூபாயைப் பார்த்துப் பிரிக்காதீர்கள், லாபத்தைப் பார்த்துப் பிரியுங்கள்: ஃபண்டு நிறுவனத்திடமோ பதிவாளரிடமோ மூலதன லாப அறிக்கை வாங்கி, எத்தனை யூனிட் விற்றால் லாபம் 1,20,000-க்குள் நிற்கிறது என்று எண்ணுங்கள். ஒரு வருடம் ஆகாத யூனிட்டுகளைத் தொடாதீர்கள். வெளியேறும் கட்டணம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அந்த அளவை மார்ச் மூன்றாம் வாரத்தில் மாற்றுங்கள். ஏப்ரல் பிறந்ததும் புது நிதியாண்டு, புது 1,25,000. அப்போது இன்னொரு பகுதி. மூன்று நான்கு வாரத்தில் இரண்டு வருடச் சலுகை முடிந்துவிடும், மீதியை அடுத்த ஏப்ரலில் முடிக்கலாம். நிஃப்டிக்குள் நிஃப்டியாக மாறும் பகுதிக்கு விற்றுப் பணம் வாங்கி மறுபடி போடாமல், அதே நிறுவனத்துக்குள் `Switch` என்று கொடுங்கள். பணம் ஒரு நாள்கூடச் சந்தைக்கு வெளியே நிற்காது. மொமெண்டத்துக்கும் வேல்யூவுக்கும் போக வேண்டிய மூன்று லட்சத்தையும் இந்தத் தவணைகளிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம், அதற்கென்று தனியாக விற்க வேண்டாம்.

மாப்பிள்ளையிடம் ஆப்பில் அவர் போன வருடம் செய்ததன் மூலதன லாப அறிக்கையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் குறுகிய காலம் என்ற வரிக்கு எதிரே இருக்கும் தொகையை 0.208-ஆல் பெருக்கி, அவருடைய லாபத்திலிருந்து கழித்து, அதே வருடத்து நிஃப்டி ஃபண்டோடு வைத்துப் பார்த்துவிட்டு அவரே சொல்லட்டும்.